டீசல் டேங்கில் தண்ணீர்: செட்டிநாட்டு ஜெனரேட்டர்காரர்கள் கேட்கும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றி ஜெனரேட்டர், டீசல் பம்ப் வேலை பார்க்கிறேன். கானாடுகாத்தானில் ஓட்டலாக மாறிய பெரிய வீடுகள், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கத்துக் கல்யாண மண்டபங்கள், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் பூட்டி வைத்த வீடுகள் என்று எங்கே போனாலும் இதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். எல்லாமே சும்மா நிற்கும் ஜெனரேட்டரை மனதில் வைத்து எழுதியவை. தினமும் ஓடும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் இந்தத் தொல்லை குறைவு.

டீசலும் தண்ணியும் ஒட்டாதே, அப்புறம் எப்படி ரெண்டும் ஒரே டேங்குல இருக்கு?

ஒட்டாததால்தான் தொல்லையே. ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர் 1000 கிராம். உள்ளே போன தண்ணீர் நேராக அடிக்கு இறங்கி, டேங்கின் தாழ்ந்த மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே டீசல் மூடியிருப்பதால் ஆவியாகி வெளியே போகவும் வழி இல்லை. நாமாக எடுக்கிற வரைக்கும் அங்கேயேதான் கிடக்கும்.

டேங்கில் தண்ணீர் மூன்று விதமாக இருக்கும். அடியில் தனியாகக் கிடப்பது ஒன்று. பொடித் துளிகளாக டீசலுக்குள் மிதந்து அதைக் கலங்கலாகக் காட்டுவது இன்னொன்று. மூன்றாவது, டீசலிலேயே கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது. கரைகிற அளவு மிகக் கொஞ்சம், நம் ஊர்ச் சூட்டில் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற கணக்குக்குப் பக்கத்தில் வரும். டீசல் சூடானால் இன்னும் கொஞ்சம் கரையும், ஆறினால் அந்த அதிகப்படி தண்ணீர் வெளியே வந்து அடிக்கு இறங்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டர் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

நாங்க தண்ணியே படாம வச்சிருக்கோம். எங்கேருந்துதான் வருது?

டேங்க் மூச்சு விடும், காற்றின் ஈரம் உள்ளே குளிர்ந்து சொட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் எவ்வளவு என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். 990 லிட்டர் டேங்கில் 700 லிட்டர் காலி இடம் இருக்கிறது என்று வைப்போம். பகலில் 45 டிகிரி வரை சூடாகி, ராத்திரி 24 டிகிரிக்கு இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று 7 சதவீதம் போலச் சுருங்கும். அதாவது 50 லிட்டர் அளவுக்கு வெளிக்காற்று உள்ளே வரும். மழைக்காலக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 20 முதல் 25 கிராம் ஈரம் இருக்கும். அப்படியென்றால் ஒரு நாளைக்கு வருவது ஒரு கிராமை ஒட்டித்தான். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை சேர்த்தாலும் ஒரு டம்ளர் தேறாது.

இப்போது மழையைப் பாருங்கள். நிறைய டேங்குகளில் மூடி இருக்கும் இடம் மேல் தகட்டிலிருந்து சற்றுப் பள்ளமாக, ஒரு தட்டு மாதிரி இருக்கும். ஓர் அடிக்கு ஓர் அடி என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிமீட்டர் மழைக்கு அந்தப் பள்ளத்தில் விழுவது நாலரை லிட்டர். மூடியின் ரப்பர் வாசர் காய்ந்து வெடித்திருந்தால், மழையில் டேங்க் குளிரும்போது உள்ளே ஏற்படும் இழுப்பு அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மூன்று மாதக் காற்று கொடுக்காத தண்ணீரை ஒரு ராத்திரி மழை கொடுத்துவிடும். அதனால் நான் எங்கே போனாலும் முதலில் தொட்டுப் பார்ப்பது மூடி வாசரைத்தான்.

இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஆயுத பூஜைக்கு ஜெனரேட்டரை ஹோஸ் பிடித்துக் கழுவுவது ஒன்று. மூச்சுக்குழாய்க்குள் நேராகத் தண்ணீர் அடிக்கிறோம் என்று யாருக்கும் தோன்றாது. மற்றொன்று, டீசல் வாங்கி வரும் கேன். வெளியே கிடந்து மழை நீர் தேங்கிய கேனில் அப்படியே டீசல் பிடித்து வந்து கவிழ்ப்பது.

அடியில கொஞ்சம் தண்ணி கிடந்தா கிடந்துட்டுப் போகட்டுமே. டீசல் இழுக்கிற குழாய் மேலதானே இருக்கு?

குழாய் அடித்தகட்டிலிருந்து ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் மேலே இருப்பது உண்மை. அப்படி வைப்பதே தண்ணீரையும் கசடையும் இழுக்காமல் இருக்கத்தான். ஆனால் ஒன்றரை மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம் உள்ள டேங்கில் 40 மில்லிமீட்டர் உயரம் என்றால் 66 லிட்டர். அந்த 66 லிட்டரை எஞ்சின் என்றைக்குமே இழுக்காது. வருஷக் கணக்கில் அங்கே சேர்வதெல்லாம் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் டீசல் நிரப்பும்போது மேலிருந்து விழும் வேகத்தில் அத்தனையும் கலங்கி எழும். அந்தச் சமயத்தில் எஞ்சின் ஓடினால் தண்ணீர் நேராகப் பம்புக்குப் போகும்.

பம்புக்கும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்கும் தனியாக எண்ணெய் கிடையாது, டீசல்தான் வழவழப்பு. அங்கே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான், ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தண்ணீர் போனால் உலோகம் உலோகத்தோடு உரசும். அப்படியே நின்றுவிட்டால் துருப்பிடித்து இறுகும். நாசில் நுனிச் சூட்டில் தண்ணீர் சட்டென்று ஆவியாகி நுனியையே அரிக்கவும் செய்யும். இதெல்லாம் தண்ணீர் நேரடியாகச் செய்யும் கெடுதல். என் அனுபவத்தில் சும்மா நிற்கும் ஜெனரேட்டர்களை அதைவிட அதிகமாக நிறுத்துவது, அந்தத் தண்ணீரில் வளர்வதுதான்.

டீசல்ல போய் பூச்சி எப்படி உயிர் வாழும்? அது விஷம் இல்லையா?

பூச்சி என்று நாம் சொல்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை. டீசலுக்குள் அவை வாழ்வதில்லை, தண்ணீருக்குள் வாழ்கின்றன. சாப்பாடு மட்டும் டீசல். இரண்டும் தொட்டுக்கொள்ளும் மட்டத்தில்தான் குடித்தனம். உடம்புக்குத் தேவையான ஈரம் கீழே, தின்பதற்கு டீசல் மேலே. மூச்சு விட ஆக்சிஜன் டீசலில் கரைந்து வருகிறது. தூசியிலும் மழை நீரிலும் துருவிலும் இருக்கும் கொஞ்சம் உப்பும் பாஸ்பரசும் நைட்ரஜனும் உரம். மெல்லிய படலமாகத் தண்ணீர் இருந்தாலே போதும், ஒரு மில்லிமீட்டர்கூடத் தேவையில்லை. முன்பு சொன்ன ஒரு டம்ளர் கணக்கை இங்கே மறக்கக் கூடாது. பம்பைக் கெடுக்க அது போதாது, ஆனால் இவற்றுக்குத் தாராளம்.

வித்துகள் எங்கிருந்து வருகின்றன என்று தேட வேண்டாம். காற்றிலும் மண்ணிலும் இருக்கின்றன, டீசலோடு சேர்ந்தும் வருகின்றன. பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை மூன்றும் இருக்கும். இவற்றில் பேர் போனது ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை. மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றே அதற்குப் பட்டப்பெயர். விமான டேங்குகளில் தொல்லை கொடுத்துத்தான் அது முதலில் பிரபலம் ஆனது. இழை இழையாக வளர்ந்து, தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே பாலில் ஆடை படிவது மாதிரி பழுப்பு நிறத்தில் ஒரு படலமாக விரியும். பாக்டீரியாக்கள் கொழகொழவென்று ஒரு சளியைச் சுரந்து, அந்தப் படலத்தையும் டேங்கின் சுவரையும் ஒட்டிக்கொள்ளும்.

படலம் தடித்ததும் அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அப்போது ஆக்சிஜனே தேவையில்லாத வேறொரு கூட்டம் அங்கே தலையெடுக்கும். தண்ணீரில் இருக்கும் சல்பேட்டைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்து, ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடும் பாக்டீரியாக்கள் அவை. டேங்க் வடிகாலைத் திறக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வேலை அந்தக் கட்டத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். மேலே வாழும் கூட்டம் விடும் அமிலமும் கீழே வரும் இந்த வாயுவும் சேர்ந்து அடித்தகட்டைக் குழி குழியாக அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், அடியில் ஊசித்துளை விழுந்து டீசல் கசியும்.

எங்க ஊர் வெயிலுக்கு அதெல்லாம் செத்துப்போயிடாதா?

சாகாது. 25 முதல் 35 டிகிரிதான் அவற்றுக்கு ரொம்பப் பிடித்த சூடு. மேல் தகடு கை வைக்க முடியாமல் கொதித்தாலும், டேங்கின் அடி நிழலில் அந்தச் சூட்டில்தான் இருக்கும். குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் கொஞ்சம் அடங்கியாவது கிடக்கும். நமக்கு அந்த வசதியும் இல்லை.

முன்னெல்லாம் இப்படிக் கேள்விப்பட்டதே இல்லையே. இப்ப வர்ற டீசல்தான் சரியில்லையோ?

விமான எரிபொருளில் இதைப் பற்றி ஆராய்ந்தே அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, புதிதாக முளைத்தது இல்லை. மாறியது இரண்டு. ஒன்று, எஞ்சின். பழைய பம்புகளுக்கு முரட்டு பில்டர் போதும், கொஞ்சம் கசடு போனாலும் சமாளித்துக்கொள்ளும். இப்போது வரும் காமன் ரயில் எஞ்சின்களில் அழுத்தம் ஆயிரம் பார் தாண்டும். அதனால் கடைசி பில்டர் நாலைந்து மைக்ரானுக்கும் கீழே வடிகட்டும்படி இருக்கும். முன்பு தாண்டிப்போன சளி இப்போது பில்டரில் மாட்டுகிறது.

இரண்டாவது, பயோடீசல். 7 சதவீதம் வரை கலக்கத் தரவிதி இடம் கொடுக்கிறது. பயோடீசல் சாதா டீசலைவிடப் பல மடங்கு தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும், பூச்சிகளுக்கும் அது எளிதான தீனி. 2020 ஏப்ரல் முதல் வரும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான் என்பதையும் பலர் காரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட மூடி வாசர்மேல்தான் சந்தேகம் அதிகம்.

பில்டரைக் கழட்டினா கறுப்பா இருக்கு. இது பூச்சியா, வெறும் கசடா?

விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், கையுறையோடு. பூச்சிச் சளி வழவழவென்று இழுபடும், இழையாகப் பிய்யும். புளித்த நாற்றமோ பூஞ்சை பிடித்த துணியின் நாற்றமோ வரும். டீசல் பழசாகிக் கட்டியான கசடு தார் மாதிரி ஒட்டும், பழுப்புக் கோந்தாக இருக்கும். பெட்ரோலிலோ தின்னரிலோ முக்கினால் அது பெரும்பாலும் கரைந்து ஓடும், சளி கரையாது. துரு என்றால் செம்மண் நிறத்தில் பொடியாக இருக்கும், காந்தத்தைக் காட்டினால் சில நேரம் ஒட்டும்.

பல டேங்குகளில் மூன்றுமே கலந்துதான் இருக்கும். சந்தேகம் இருந்தால் பில்டரை விட்டுவிட்டு டேங்க் அடியைப் பாருங்கள். அங்கே தண்ணீரே இல்லை என்றால் பூச்சியும் இருக்க வாய்ப்புக் குறைவு.

டேங்கைப் பிரிக்காம தண்ணி இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

பெட்ரோல் பங்கில் அளவுக் கம்பியின் நுனியில் ஒரு பேஸ்ட் தடவி இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் பட்ட இடம் வரைக்கும் நிறம் மாறும், டீசலுக்கு மாறாது. அதே பேஸ்டைத் தடவி, டேங்கின் தாழ்ந்த மூலையில் கம்பி அடியைத் தொடும்படி இறக்கி, அரை நிமிஷம் வைத்து எடுங்கள். நிறம் மாறிய உயரம்தான் தண்ணீரின் உயரம். முன் சொன்ன அளவுள்ள டேங்கில் 6 மில்லிமீட்டர் என்றால் 10 லிட்டர் தண்ணீர். டேங்க் சாய்வாக நின்றால் கணக்கு மாறும், அதனால் இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள்.

வடிகால் பிளக் இருந்தால் இன்னும் நல்லது. ஜெனரேட்டர் ஒரு நாளாவது அசையாமல் நின்ற பிறகு, காலையில், கண்ணாடி பாட்டிலில் அரை லிட்டர் பிடியுங்கள். அரை மணி நேரம் வைத்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கீழே தண்ணீர், மேலே டீசல், நடுக்கோடு கத்தியால் வெட்டியது போல் தெளிவாக இருந்தால் வெறும் தண்ணீர்தான். அந்தக் கோட்டில் பழுப்பாகப் பஞ்சு மாதிரி ஏதாவது தொங்கினாலோ, பாட்டிலைச் சாய்த்தால் கோடு தோல் மாதிரி மடங்கினாலோ, பூச்சி குடியேறிவிட்டது. இந்த ஒரு பாட்டில் சொல்லும் விஷயத்தைப் பல சோதனைகள் சொல்லாது.

வாட்டர் செப்பரேட்டர்னு ஒரு கிண்ணம் வச்சு விக்கிறாங்களே, அதுக்குள்ள என்னதான் நடக்குது?

மூன்று வேலை நடக்கிறது. முதலில், குழாயில் வேகமாக வந்த டீசல் அகலமான கிண்ணத்துக்குள் வந்ததும் வேகம் குறைகிறது, சுழலவும் வைக்கிறார்கள். பெரிய துளிகள் ஓரத்துக்கு ஒதுங்கி அடியில் விழும். இது எடை வித்தியாசத்தை மட்டும் நம்பிய வேலை. துளி பெரிதாக இருந்தால்தான் நடக்கும். 100 மைக்ரான் துளி டீசலில் ஒரு மீட்டர் இறங்க முக்கால் மணி நேரம் போல ஆகும். துளியின் அளவு பத்தில் ஒன்றானால் இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். 10 மைக்ரான் துளிக்கு அதே ஒரு மீட்டருக்கு மூன்று நாள் வேண்டும். ஓடுகிற டீசலில் அதற்கு நேரம் ஏது?

அதற்குத்தான் இரண்டாவது வேலை, பொடித் துளிகளைப் பெரிதாக்குவது. மிக மெல்லிய கண்ணாடி இழைகள் பின்னிய படுகை வழியாக டீசலை விடுவார்கள். துளிகள் இழையில் ஒட்டும், பின்னால் வரும் துளி அதோடு சேரும், சேர்ந்து சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் சொட்டாகி விழும். மூன்றாவது, தண்ணீரை ஒட்டவிடாதபடி பதப்படுத்திய தாள் அல்லது வலை. டீசல் அதை நனைத்துக்கொண்டு தாண்டிப் போகும், தண்ணீர்ச் சொட்டு தாண்ட முடியாமல் வெளிப்பக்கமே உருண்டு கிண்ணத்தில் சேரும். விலை குறைந்த மாடலில் முதல் வேலையும் ஒரு சாதாத் தாளும் மட்டும்தான் இருக்கும். வாங்கும்போது கிண்ணத்தின் அழகைப் பார்க்காமல், உள்ளே இருக்கும் எலிமென்ட் எத்தனை மைக்ரான், தண்ணீரைத் தடுக்கும் வகையா, உங்கள் எஞ்சின் ஓட்டத்துக்கு எத்தனை லிட்டர் தாங்கும் என்று கேளுங்கள்.

செப்பரேட்டர் போட்டும் எஞ்சினுக்குத் தண்ணி போயிருக்குன்னு பம்ப் கடையில சொல்றாங்க. ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் மாட்டிய இடம்தான் தப்பு. டீசலை இழுக்கும் பம்புக்குப் பின்னால் மாட்டினால், பம்ப் ஏற்கெனவே தண்ணீரைச் சிலுப்பிப் பொடித் துளியாக்கியிருக்கும். மேலே சொன்ன மூன்று நாள் கணக்கு அங்கேதான் வரும். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில், இழுக்கும் பக்கத்தில் மாட்டினால் துளிகள் பெரிதாகவே வந்து சேரும். அந்தப் பக்கத்தில் இணைப்பு தளர்ந்தால் டீசல் ஒழுகாது, காற்றை இழுத்து ஏர் லாக் ஆகும். அதனால் வாசர்களைச் சரியாக வையுங்கள்.

இன்னொரு காரணம் பூச்சியே. அவை சுரக்கும் பொருள் சோப்பு மாதிரி வேலை செய்யும். தண்ணீர்த் துளிகள் ஒன்றோடொன்று சேராமல் போகும், தண்ணீரைத் தடுக்கும் தாளும் தன் குணத்தை இழக்கும். பயோடீசலும் சில சேர்மானங்களும்கூட இதைச் செய்யும். ஆகவே பூச்சி பிடித்த டேங்கில் செப்பரேட்டர் தனியாக நின்று ஜெயிக்க முடியாது.

கரைந்த தண்ணீரை எந்தச் செப்பரேட்டரும் பிரிக்காது. எஞ்சினிலிருந்து சூடாகத் திரும்பி வரும் டீசல் டேங்கைச் சூடாக்கும், அடியில் கிடக்கும் தண்ணீரில் கொஞ்சத்தைக் கரைத்துக்கொள்ளும். அது செப்பரேட்டரைத் தாண்டி, ஜெனரேட்டர் நின்று ஆறியதும் பம்புக்குள்ளேயே பிரியும். அடுத்த கல்யாணம் வரை அங்கேயே நின்று துரு ஏற்றும். அடித் தண்ணீரை எடுப்பதுதான் இதற்கு மருந்து.

அண்ணே, மண்டபத்துல ரிசப்ஷன் நடுவுல ஜெனரேட்டர் நின்னுபோச்சு. பில்டர் மாத்தினா ஓடுது, கொஞ்ச நேரத்துல மறுபடி நிக்குது. பம்பைக் கழட்டணுமா?

இப்படி ஒரு மண்டபத்திலிருந்து ஆவணி முகூர்த்தத்தில் கூப்பிட்டார்கள். ஆடி முழுக்க மண்டபம் பூட்டிக் கிடந்தது, சாயங்கால இடி மழை மட்டும் நாலைந்து தடவை அடித்திருந்தது. விசேஷத்துக்கு முதல் நாள்தான் டேங்கில் 400 லிட்டர் ஊற்றியிருக்கிறார்கள். இதைக் கேட்டதுமே பாதி விடை கிடைத்துவிட்டது. கழற்றிப் போட்ட பில்டரைப் பிழிந்தால் பழுப்புச் சளி. மூடி வாசர் மூன்று இடத்தில் வெடித்திருந்தது, மூடிப் பள்ளத்தில் செத்தையும் சேறும்.

அன்றைக்கு ராத்திரி சமாளிக்க டேங்கைத் தொடவே இல்லை. ஒரு சுத்தமான புது டிரம்மில் பங்கிலிருந்து டீசல் வாங்கி, இழுக்கும் குழாயையும் திரும்பும் குழாயையும் அதில் போட்டு, பில்டர் மாற்றி, ஏர் எடுத்து ஓட்டினோம். திரும்பும் குழாயை மறந்து பழைய டேங்கிலேயே விட்டால் டிரம் வேகமாகக் காலியாகும், இதைப் பலர் கவனிப்பதில்லை. விடியும் வரை ஓடியது, பம்பில் கோளாறு இல்லை என்பதும் அதிலேயே தெரிந்துபோனது.

மறுநாள் டேங்க். முதலில் அடி வடிகாலைத் திறந்து கலங்கல் வந்த வரைக்கும் தனி டிரம்மில் பிடித்தோம். முதலில் தண்ணீர், நடுவில் பழுப்பாகத் துண்டு துண்டாகச் சளி, பிறகு மங்கலான டீசல். மேலே இருந்த டீசலை மெதுவாக வேறு டிரம்களுக்கு மாற்றி அசையாமல் வைத்தோம். கை நுழையும் மூடியைத் திறந்து, அடியையும் மூலைகளையும் ரப்பர் பட்டை கட்டிய கம்பால் வழித்து, நூல் உதிராத துணியால் துடைத்தோம். இழுக்கும் குழாயின் நுனி வலை சளியால் பாதி அடைந்திருந்தது, அதையும் மாற்றினோம். மூன்று நாள் நின்று தெளிந்த டீசலை, டிரம்மின் அடியில் நாலு விரல் விட்டு, செப்பரேட்டர் வழியாகத் திருப்பி ஊற்றினோம். புது வாசர் போட்டு, மூடிக்கு மேலே தகரக் கூரை ஒன்று அடித்தாயிற்று. இதில் பம்பைக் கழற்ற வேண்டிய வேலை எங்கேயுமே வரவில்லை.

டேங்குக்குள் ஆள் இறங்கவோ தலையை விடவோ கூடாது. முட்டை நாற்ற வாயு கொஞ்சம் கூடினாலே மூக்கை மரக்கச் செய்துவிடும், நாற்றம் நின்றது என்றால் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. வடித்த தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள், மழையில் அது ஊருணிக்குத்தான் போய்ச் சேரும். கழிவு எண்ணெய் எடுக்க அனுமதி உள்ளவர்களிடம் கொடுங்கள்.

இவ்வளவு வேலை எதுக்கு? பூச்சி மருந்து ஊத்தினா செத்துடாதா?

சாகும். செத்தது எங்கே போகும்? சுவரில் ஒட்டியிருந்த சளி பெயர்ந்து மொத்தமாகப் பில்டருக்கு வரும். நல்ல சளி பிடித்த டேங்கில் மருந்து மட்டும் ஊற்றினால் முன்பைவிட வேகமாகப் பில்டர் அடைக்கும். அதோடு சளிப் படலத்தின் உள்ளே இருப்பவற்றை மருந்து எளிதில் எட்டாது, மேலே இருப்பவை செத்து உள்ளே இருப்பவை மறுபடி கிளம்பும்.

முதலில் தண்ணீரை வடித்து, வழித்துத் துடைத்து, பிறகு டீசலுக்கான மருந்தை லேபிளில் சொன்ன அளவுக்கு ஊற்றி, சொன்ன நேரம் ஊறவிடுங்கள். இப்படிச் செய்தால் பயன் உண்டு. அடியில் தண்ணீர் நிறைய இருந்தால் மருந்தில் பெரும் பங்கு அதிலேயே போய் நீர்த்துவிடும். மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும் பழக்கம் வேண்டாம், குறைந்த அளவுக்குத் தாக்குப்பிடிப்பவை தங்கிவிடும். இது தோலையும் கண்ணையும் எரிக்கும் மருந்து, கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

கொஞ்சம் ஸ்பிரிட் ஊத்தினா தண்ணி கரைஞ்சு எஞ்சின்ல எரிஞ்சிடுமாமே?

ஊற்றாதீர்கள். ஸ்பிரிட் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அடியிலேயே கிடக்கும், கலங்கினால் இரண்டும் சேர்ந்து பம்புக்குப் போகும். வழவழப்பும் குறையும். டேங்க் ஆவி தீப்பிடிக்கும் அபாயமும் கூடும், டீசல் டேங்க் அதற்காகச் செய்ததே இல்லை.

பேனல்ல தண்ணிக்கான லைட் எரியுது. விசேஷம் முடியற வரைக்கும் ஓட்டலாமா?

கிண்ணத்தின் அடியில் இரண்டு முனைகள் இருக்கும். டீசல் மின்சாரம் கடத்தாது, தண்ணீர் கடத்தும். தண்ணீர் மட்டம் முனைகளைத் தொட்டதும் விளக்கு எரியும். அதாவது கிண்ணம் தன் வேலையைச் செய்து நிரம்பிவிட்டது. அதற்கு மேல் ஓட்டினால் சேரும் தண்ணீருக்கு இடம் இல்லை. ஐந்து நிமிஷ வேலைதான், நிறுத்தி வடித்துவிடுங்கள்.

எஞ்சினை நிறுத்துங்கள். இழுக்கும் பக்கத்துச் செப்பரேட்டர் என்றால் அடித் திருகை மட்டும் திறந்தால் சொட்டுக்கூட வராது, உள்ளே இழுப்பு இருக்கும். மேலே உள்ள காற்றுத் திருகை முதலில் தளர்த்தி, பிறகு அடியைத் திறந்து, தெளிந்த டீசல் வரும் வரை பாத்திரத்தில் பிடியுங்கள். அடியை மூடி, கையால் டீசல் ஏற்றும் பிரைமரை அது கெட்டியாகும் வரை அடித்து, மேல் திருகில் குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் அதையும் இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு மணி நேரத்தில் மறுபடி எரிந்தால் பிரச்சினை டேங்க் அடியில் இருக்கிறது, மண்டபத்துக் கேள்விக்குச் சொன்ன டிரம் வழிக்குப் போங்கள்.

என் மகன் கப்பல்ல இருக்கான். அங்க மெஷின் சுத்தி சுத்தித் தண்ணியைப் பிரிக்குமாம். நமக்கும் அது ஒண்ணு வாங்கலாமா?

கப்பலில் இருப்பது நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் தட்டு அடுக்கு. சுற்றும் வேகத்தில் எடை வித்தியாசம் பல ஆயிரம் மடங்கு பெருகி, பொடித் துளியும் நொடியில் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். நாள் முழுக்க டன் கணக்கில் எரிக்கும் எஞ்சினுக்கு அது சரி. வருஷத்துக்குச் சில நூறு லிட்டர் எரிக்கும் ஜெனரேட்டருக்கு அதன் விலையும் பராமரிப்பும் கட்டுப்படியாகாது.

தம்பி, வீட்டைப் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் திறக்கிறோம். டேங்கை ரொப்பி வைக்கவா, காலியா வைக்கவா?

ஆச்சி, புத்தகங்களில் ரொப்பி வை என்றுதான் இருக்கும், காலி இடம் குறைந்தால் ஈரமும் குறையும் என்று. ஆனால் மேலே போட்ட கணக்குப்படி மூச்சில் வரும் தண்ணீர் ஒரு டம்ளர்கூட இல்லை. அதற்காக 990 லிட்டர் டீசலை இரண்டு வருஷம் தூங்க வைத்தால் டீசலே கெட்டுப்போகும். ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் தீரும் அளவுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். உங்கள் வீட்டுக்குச் சின்ன டேங்காக மாற்றி, அதை நிறைத்து வைப்பதே என் யோசனை. அடி ஒரு பக்கம் சாய்ந்து, அந்த மூலையில் வடிகால் பிளக் இருக்கட்டும். துத்தநாகப் பூச்சுத் தகட்டில் மட்டும் செய்ய விடாதீர்கள். துத்தநாகம் டீசலோடு சேர்ந்து சோப்பு மாதிரிக் கசடை உண்டாக்கும், அதுவும் பில்டரைத்தான் அடைக்கும்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். புரட்டாசியில், மழைக்கு முன்னால், மூடி வாசரையும் மூச்சுக்குழாயின் தொப்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். தை பிறந்ததும் அடி வடிகாலில் ஒரு பாட்டில் பிடித்து வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நடுக்கோடு தெளிவாக இருந்தால் தண்ணீரை மட்டும் வடித்தால் போதும். கோட்டில் பஞ்சு தொங்கினால், படைப்புக்குத் தேதி குறிக்கும்போதே டேங்க் சுத்தம் செய்யவும் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.